வணிகவாதம், தடையற்ற வணிகம்: இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடை கட்டும் முறை

"வணிகவாதம், தடையற்ற வணிகம் ஆகியவற்றை வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு தருக." வரலாற்றுத் தாளிலும் வரும், பொருளியல் தாளிலும் வரும். இரண்டே மதிப்பெண். பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட இதில் ஒரு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதை விடைத்தாள் திருத்தும்போது ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்ததில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள். அந்த விடையை ஒவ்வொரு படியாக எப்படிக் கட்டுவது என்று இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு இரண்டையும் ஒரே நாட்டிலிருந்து, இங்கிலாந்திலிருந்தே எடுத்திருக்கிறேன். ஒரே நாடு கொள்கையை மாற்றிக்கொண்டதைப் பார்த்தால் இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் நின்றுவிடும்.

சொல் பற்றி ஒன்று. உங்கள் புத்தகத்தில் வாணிபவாதம் என்றோ வணிகவாதம் என்றோ இருக்கலாம். அதேபோலத் தடையற்ற வாணிபம், கட்டற்ற வணிகம், சுதந்திர வர்த்தகம் என்று மற்றொன்றுக்கும் பல பெயர்கள் உண்டு. வினாத்தாளில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே விடையிலும் எழுதுங்கள்.

முதல் படி: வினா எத்தனை பொருள் கேட்கிறது என்று எண்ணுங்கள்

இரண்டு வரையறை, இரண்டு எடுத்துக்காட்டு. ஆக நான்கு. இரண்டு மதிப்பெண்ணை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் அரை. திருத்துகிறவர் பெரும்பாலும் இப்படித்தான் தேடுவார். வணிகவாதத்தைப் பற்றி எட்டு வரி எழுதித் தடையற்ற வணிகத்துக்கு ஒரு வரி எழுதினால், முதல் எட்டு வரிக்கும் சேர்த்து ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது.

வினா வேறுபாடு கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வணிகவாதம் என்ற சொல்லைப் பார்த்ததும் பழக்கத்தில் நடுவே கோடு கிழித்து அட்டவணை போட ஆரம்பிப்பவர்கள் உண்டு. அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மூன்று சொல்தான் எழுத முடியும், வாக்கியமாக வரையறை அமையாது. எடுத்துக்காட்டுக்குக் கட்டமே இருக்காது. இரண்டு சிறு பத்திகள் போதும். மொத்தம் ஐம்பது அறுபது சொல்.

இரண்டாம் படி: வணிகவாதத்தை வரையறுப்பது

விடைத்தாள்களில் அதிகம் வரும் வாக்கியம் இது: "வணிகவாதம் என்பது வணிகத்தை வளர்க்கும் கொள்கை." இதில் தவறு என்ன? தடையற்ற வணிகத்தை ஆதரித்தவர்களும் வணிகம் வளர வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இரண்டுக்கும் பொருந்துகிற வாக்கியம் இரண்டில் எதற்கும் வரையறை ஆகாது. எழுதிய வாக்கியத்தில் சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள்: "தடையற்ற வணிகம் என்பது வணிகத்தை வளர்க்கும் கொள்கை." அதுவும் சரியாகவே படுகிறதா? அப்படியானால் உங்கள் வாக்கியத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

விடுபட்டது மூன்று. செல்வம் என்றால் எது என்ற நம்பிக்கை, அதற்காகக் குறிவைத்த இலக்கு, அந்த இலக்குக்காக அரசு செய்தது.

16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அரசுகள், நாட்டின் செல்வம் என்பது கருவூலத்தில் சேரும் தங்கமும் வெள்ளியும்தான் என்று பெரும்பாலும் நம்பின. உலகில் இருக்கும் தங்கம் வெள்ளி ஓர் அளவுதான். ஒரு நாட்டுக்கு வந்தால் இன்னொரு நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சுரங்கம் இல்லாத நாடு என்ன செய்யும்? வெளிநாட்டுக்கு நிறைய விற்க வேண்டும், அங்கிருந்து குறைவாக வாங்க வேண்டும். ஏற்றுமதி இறக்குமதியை விஞ்சினால் அந்த மிச்சம் வெள்ளியாக உள்ளே வரும். இதைத்தான் சாதகமான வணிகச் சமநிலை என்கிறோம். இதை வணிகர்கள் கையில் விட்டுவிட முடியாது என்று அரசுகள் கருதின. இறக்குமதிக்கு வரி, தடை, ஏற்றுமதிக்கு ஊக்கத்தொகை, தனியுரிமை பெற்ற கம்பெனிகள், குடியேற்ற நாடுகள் தாய்நாட்டோடு மட்டுமே வணிகம் செய்ய வேண்டும் என்ற சட்டங்கள் என்று பல வழிகளில் தலையிட்டன.

இப்போது இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கலாம்:

"ஒரு நாட்டின் செல்வம் அது சேர்த்து வைக்கும் தங்கமும் வெள்ளியுமே என்று கருதி, ஏற்றுமதியைப் பெருக்கி இறக்குமதியைக் குறைக்கும் வகையில் அரசே வெளிநாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்திய கொள்கை வணிகவாதம்."

நூற்றாண்டு தெரிந்தால் சேருங்கள், உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அரை மதிப்பெண் அந்த மூன்று கூறுகளுக்குத்தான். நம்பிக்கையைச் சொல்லாமல் "இறக்குமதிக்கு வரி போடும் கொள்கை" என்று மட்டும் எழுதினால் அது பாதுகாப்புக் கொள்கை, அதாவது உள்நாட்டுத் தொழிலைக் காக்க வரி போடுவது ஆகிவிடும். அது வணிகவாதத்துக்கு ஒரு கருவி. இன்றைக்கும் பல நாடுகள் தங்கத்தைப் பற்றி நினைக்காமலே அதைக் கையாள்கின்றன. இந்த நுணுக்கத்தைத்தான் அடுத்த படி காட்டும்.

மூன்றாம் படி: வணிகவாதத்துக்கு எடுத்துக்காட்டு

"எ.கா.: இங்கிலாந்து." "எ.கா.: கிழக்கிந்தியக் கம்பெனி." இப்படி ஒரு பெயரோடு நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. நாட்டின் பெயர் எதையும் காட்டாது. இங்கிலாந்தே இரண்டு கொள்கையையும் வேறு வேறு காலத்தில் பின்பற்றிய நாடு. எடுத்துக்காட்டு என்றால் யார், எப்போது, எதைச் செய்தார்கள் என்பது இருக்க வேண்டும். சட்டமாக இருந்தால் இன்னும் எளிது. சட்டத்துக்கு ஆண்டும் இருக்கும், செயலும் இருக்கும்.

நான் வகுப்பில் எடுப்பது காலிகோ சட்டம். காலிகோ என்றால் இந்தியாவிலிருந்து போன பருத்தித் துணி. சோழமண்டலக் கரையும் அதில் வருகிறது என்பதால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

1639இல் ஆங்கிலேயக் கம்பெனி சென்னையில் இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணம் துணி. இந்தக் கரையின் நெசவும் சாயமும் மலிவாகவும் தரமாகவும் கிடைத்தன. துவைத்தாலும் போகாத சாயம் ஏற்றிய பூத்துணிகள் லண்டனில் வந்து இறங்கியதும் சீமாட்டி முதல் வேலைக்காரப் பெண் வரை வாங்கி உடுத்த ஆரம்பித்தார்கள். ஆனால் பதிலுக்கு இங்கிலாந்து இங்கே விற்க முடிந்தது என்ன? கம்பளித் துணி. சென்னை வெயிலில் கம்பளியை யார் வாங்குவார்கள்? ஆகவே கம்பெனிக் கப்பல்கள் இந்தியாவுக்கு வரும்போது பெருமளவு வெள்ளியை ஏற்றி வந்தன. வெள்ளி வெளியே போகிறது, துணி உள்ளே வருகிறது. வணிகவாதியின் கண்ணில் நாட்டின் செல்வம் கப்பல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளூர்க் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கொதித்தார்கள். 1700இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: இந்தியாவிலும் பாரசீகத்திலும் சீனாவிலும் அச்சிட்ட, சாயமேற்றிய துணிகளை இங்கிலாந்தில் உடுத்தவோ வீட்டில் பயன்படுத்தவோ கூடாது. வெள்ளைத் துணி வரலாம் என்று விட்டிருந்தார்கள். உடனே லண்டனிலேயே அச்சுப் பட்டறைகள் முளைத்தன. வெள்ளைத் துணியை வாங்கி அங்கே பூப்போட்டு விற்றார்கள். நெசவாளரின் கோபம் அடங்கவில்லை. 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருவில் காலிகோ உடுத்திப் போன பெண்களை மறித்துத் துணியைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் வீசினார்கள். அதன் பிறகு 1721இல் இரண்டாவது சட்டம் வந்தது. அச்சுக் காலிகோவை எங்கே அச்சிட்டிருந்தாலும் உடுத்தக்கூடாது. உடுத்தியவருக்கு 5 பவுண்டு அபராதம், விற்றவருக்கு 20 பவுண்டு. மஸ்லின், முழுக்க நீலச் சாயம் தோய்த்த துணி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், கம்பெனியே இங்க துணி வாங்கித்தானே சம்பாதிச்சது? அவங்க அரசாங்கமே தடை போட்டா கம்பெனி எப்படிப் பிழைச்சது?"

அந்தக் கேள்விக்கான பதிலில்தான் வணிகவாதம் முழுசாகப் புரியும். சட்டம் இறக்குமதியை ஒரேயடியாக மூடிவிடவில்லை. தடைசெய்த துணியை இங்கிலாந்துத் துறைமுகக் கிடங்குகளில் கொண்டுவந்து வைக்கலாம், அங்கிருந்து வேறு நாடுகளுக்கு ஏற்றி அனுப்பலாம். உள்நாட்டில் விற்கத்தான் கூடாது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நம் கரைத் துணி போனது. அதனால்தான் 1721 தடைக்குப் பின்னும் சென்னையில் கம்பெனிக்கு நெசவாளர் தேவைப்பட்டார்கள். 1734இல் அவர்களைக் குடியேற்றுவதற்காகவே உருவாக்கிய பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை; பெயரிலேயே தறி இருக்கிறது.

ஆங்கிலேயன் வாங்கி உடுத்தினால் வெள்ளி போய்விடும், அதனால் தடை. அதே துணியை வெளிநாட்டானுக்கு விற்றால் வெள்ளி வரும், அதனால் அனுமதி. இந்தக் கணக்கை முன்பே எழுதி வைத்தவர் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான தாமஸ் மன். இந்தியாவுக்குப் போகும் வெள்ளி, சரக்காக வந்து பிற நாடுகளில் விற்றால் போனதைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்று அவர் வாதிட்டார். அவர் இறந்த பின் 1664இல் அந்த நூல் அச்சானது. வெறும் தொழில் பாதுகாப்புதான் நோக்கம் என்றால் நெசவாளர் குறை தீர்ந்ததோடு கதை முடிந்திருக்கும். கிடங்கு வழியை அடைக்காமல் விட்டதில் அந்த வெள்ளிக் கணக்கும் இருந்தது. வரையறையில் தங்கம் வெள்ளியைக் கட்டாயம் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இவ்வளவையும் தேர்வில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. தேவைப்படுவது ஒரு வரி:

"எ.கா.: இந்திய அச்சுத் துணிகளை உள்நாட்டில் உடுத்துவதற்கு இங்கிலாந்து 1721இல் காலிகோ சட்டம் மூலம் தடை விதித்தது."

ஒரு சரிபார்ப்பு. வரையறையில் "இறக்குமதியைக் குறைக்க அரசு கட்டுப்படுத்தியது" என்று சொன்னோம். எடுத்துக்காட்டில் அரசு ஒரு சட்டத்தால் இறக்குமதித் துணியின் விற்பனையை நிறுத்துகிறது. இரண்டும் பொருந்துகின்றன. இப்படிப் பொருந்தினால்தான் திருத்துகிறவருக்குச் சந்தேகம் வராது.

நான்காம் படி: தடையற்ற வணிகத்தை வரையறுப்பது

இதில் இரண்டு குழப்பம் உண்டு.

முதலாவது, வரி. "எந்த வரியும் இல்லாமல் வணிகம் செய்வது" என்று எழுதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தடையற்ற வணிகத்துக்குக் கொடிபிடித்த பிரிட்டன், தேயிலைக்கும் புகையிலைக்கும் மதுவுக்கும் சுங்க வரி வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அது அரசு வருவாய்க்கான வரி. பிரிட்டனில் தேயிலைத் தோட்டம் இல்லை. அந்த வரியால் எந்த உள்ளூர்த் தோட்டக்காரருக்கும் லாபம் இல்லை. தடையற்ற வணிகம் எதிர்ப்பது உள்நாட்டு உற்பத்தியாளரைப் போட்டியிலிருந்து மறைத்து வைக்கும் வரியைத்தான். ஆகவே "எந்த வரியும்" என்பதைவிடக் "காப்பு வரி" அல்லது "உள்நாட்டு உற்பத்தியைக் காக்கும் சுங்க வரி" என்று எழுதுவது சரி.

இரண்டாவது, எல்லை. "அரசு பொருளாதாரத்தில் தலையிடாமல் இருப்பது" என்று எழுதினால் அது தலையிடாக் கொள்கை. அது நாட்டுக்குள் நடக்கும் கூலி, விலை, தொழிற்சாலை எல்லாவற்றையும் பற்றியது. தடையற்ற வணிகம் நாடுகளுக்கு இடையே உள்ள கொடுக்கல் வாங்கலைப் பற்றியது மட்டும். நெருங்கிய உறவுதான், ஆனாலும் இரண்டும் ஒன்று இல்லை. தொழிற்சாலைகளில் வேலை நேரத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டே துறைமுகத்தைத் திறந்துவிட்ட நாடுதான் பிரிட்டன். "நாடுகளுக்கிடையே" என்ற ஒரு சொல் வரையறையில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

நம்பிக்கையும் மாறியிருக்கிறது. 1776இல் ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' நூலில், செல்வம் என்பது கருவூலத்து உலோகம் அல்ல, மக்கள் உற்பத்தி செய்து நுகரும் பொருள்களே என்று வாதிட்டார். தையல்காரர் தன் செருப்பைத் தானே தைக்காமல் செருப்புத் தைப்பவரிடம் வாங்குகிறார். நாடுகளும் அப்படியே செய்யலாம் என்பது அவர் காட்டிய ஒப்புமை. 1817இல் டேவிட் ரிக்கார்டோ அதை இன்னும் கூர்மையாக்கினார். ஒரு நாடு எல்லாப் பொருளையும் மலிவாகச் செய்ய வல்லதாக இருந்தாலும், தனக்கு ஒப்பீட்டளவில் எது அதிக அனுகூலமோ அதைச் செய்து மற்றதை வாங்குவது இரு தரப்புக்கும் லாபம் என்று போர்ச்சுகல் திராட்சை மதுவையும் இங்கிலாந்துத் துணியையும் வைத்துக் கணக்குப் போட்டார். ஒருவர் பெற்றால் இன்னொருவர் இழக்க வேண்டும் என்ற பழைய கணக்கு இங்கே கைவிடப்படுகிறது.

வாக்கியம் இப்படி அமையலாம்:

"இறக்குமதித் தடைகளோ உள்நாட்டு உற்பத்தியைக் காக்கும் சுங்க வரிகளோ இல்லாமல், நாடுகளுக்கிடையே பொருள்களை வாங்கவும் விற்கவும் அரசு அனுமதிக்கும் கொள்கை தடையற்ற வணிகம்."

ஐந்தாம் படி: தடையற்ற வணிகத்துக்கு எடுத்துக்காட்டு

1846இல் பிரிட்டன் தானியச் சட்டங்களை நீக்கியது. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எழுதுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலப் பெயரைப் பார்த்துவிட்டு இதை "சோளச் சட்டம்" என்றும் "மக்காச்சோளச் சட்டம்" என்றும் எழுதிய விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பிரிட்டனில் 'கார்ன்' என்றால் பொதுவாகத் தானியம். இந்தச் சட்டத்தில் முக்கியமானது கோதுமை. தானியச் சட்டங்கள் என்றே எழுதுங்கள்.

நெப்போலியனோடு நடந்த போர் 1815இல் முடிந்ததும் வெளிநாட்டுக் கோதுமை மலிவாக வந்து குவியுமே என்று நிலப்பிரபுக்கள் பயந்தார்கள். நாடாளுமன்றத்தில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. உள்நாட்டுக் கோதுமை விலை ஒரு குவார்ட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 220 கிலோவுக்கு, 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடக்கூடாது என்று அந்த ஆண்டே சட்டம் போட்டுக்கொண்டார்கள். 1828இல் இதை ஏறி இறங்கும் வரியாக மாற்றினார்கள்: உள்நாட்டு விலை குறைந்தால் இறக்குமதி வரி ஏறும், விலை ஏறினால் வரி குறையும். எப்படியானாலும் ரொட்டி விலை இறங்காது. கூலியில் பெரும்பகுதி ரொட்டிக்கே போன ஆலைத் தொழிலாளிக்கு அது வயிற்றுப் பிரச்சினை. ஆலை முதலாளிக்கும் அது பிரச்சினைதான். ரொட்டி விலை ஏறினால் கூலி உயர்வு கேட்பார்கள், தவிரவும் தங்களிடம் கோதுமை வாங்காத பிரிட்டனிடம் வெளிநாட்டார் துணி வாங்கப் பணத்துக்கு எங்கே போவார்கள்?

மான்செஸ்டரை மையமாகக் கொண்டு தானியச் சட்ட எதிர்ப்புக் கழகம் கிளம்பியது. ரிச்சர்ட் காப்டனும் ஜான் பிரைட்டும் அதன் முகங்கள். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழுகிப் பஞ்சம் தொடங்கியது. மக்கள் பட்டினி கிடக்கும்போது தானியத்துக்கு வேலி போட்டு வைப்பதை நியாயப்படுத்த முடியவில்லை. பிரதமர் ராபர்ட் பீல் தன் கட்சியின் நிலப்பிரபுக்களையே எதிர்த்து, எதிர்க்கட்சி வாக்குகளின் துணையோடு 1846இல் சட்டத்தை நீக்கினார். சில நாட்களிலேயே அவர் பதவி போயிற்று. கட்சியும் இரண்டானது.

வரி ஒரே நாளில் மறையவில்லை. படிப்படியாகக் குறைந்து 1849இல் குவார்ட்டருக்கு 1 ஷில்லிங் என்று பெயரளவில் நின்றது. மேலே சொன்ன "எந்த வரியும் இல்லாமல்" என்ற வாக்கியத்தை எழுதியவர் இந்த எடுத்துக்காட்டைக் கொடுத்தால் வரையறைக்கே எடுத்துக்காட்டு முரணாக நிற்கும். "காக்கும் வரி" என்று எழுதியவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு ஷில்லிங் எந்த விவசாயியையும் காக்காது.

விடையில் எழுத வேண்டியது:

"எ.கா.: பிரிட்டன் 1846இல் தானியச் சட்டங்களை நீக்கி, வெளிநாட்டுத் தானியம் தடையின்றி வர வழிவிட்டது."

"தானியச் சட்டங்கள்" என்று மட்டும் எழுதி "நீக்கியது" என்பதை விட்டுவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். தானியச் சட்டம் தடையற்ற வணிகத்துக்கு நேர் எதிரானது. அதை நீக்கியதுதான் எடுத்துக்காட்டு. அவசரத்தில் விழுகிற இந்த ஒரு சொல்லுக்காக அரை மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கும் மனம் வராது, ஆனால் குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆறாம் படி: சேர்த்து எழுதுவது

முழு விடை இப்படி இருக்கும்:

> வணிகவாதம்: ஒரு நாட்டின் செல்வம் அது சேர்த்து வைக்கும் தங்கமும் வெள்ளியுமே என்று கருதி, ஏற்றுமதியைப் பெருக்கி இறக்குமதியைக் குறைக்கும் வகையில் அரசே வெளிநாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்திய கொள்கை. எ.கா.: இந்திய அச்சுத் துணிகளை உள்நாட்டில் உடுத்துவதற்கு இங்கிலாந்து 1721இல் காலிகோ சட்டம் மூலம் தடை விதித்தது.
>
> தடையற்ற வணிகம்: இறக்குமதித் தடைகளோ உள்நாட்டு உற்பத்தியைக் காக்கும் சுங்க வரிகளோ இல்லாமல், நாடுகளுக்கிடையே பொருள்களை வாங்கவும் விற்கவும் அரசு அனுமதிக்கும் கொள்கை. எ.கா.: பிரிட்டன் 1846இல் தானியச் சட்டங்களை நீக்கி, வெளிநாட்டுத் தானியம் தடையின்றி வர வழிவிட்டது.

தலைப்புச் சொல்லுக்கும் "எ.கா." என்பதற்கும் அடிக்கோடு இடுங்கள். நான்கு கூறுகளும் பார்த்தவுடன் கண்ணில் படும்.

ஒரு மாணவனின் மாதிரித் தேர்வு விடையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவன் எழுதியது: "வணிகவாதம் என்பது நாட்டின் பணத்தைப் பெருக்க அரசு வணிகம் செய்வது. எ.கா. கிழக்கிந்தியக் கம்பெனி. தடையற்ற வணிகம் என்பது யார் வேண்டுமானாலும் வணிகம் செய்யலாம். எ.கா. ஆடம் ஸ்மித்."

அவனுக்கு விஷயம் தெரியும் என்பது படிக்கும்போதே புரிகிறது. பணம் பெருக வேண்டும், அரசுக்குப் பங்கு உண்டு, கம்பெனிக்குத் தொடர்பு உண்டு, ஆடம் ஸ்மித் எந்தப் பக்கம் என்பதெல்லாம் தலைக்குள் இருக்கிறது. ஆனால் அரசு வணிகம் செய்யவில்லை, வணிகர்களைக் கட்டுப்படுத்தியது. பணம் என்பது தங்கம் வெள்ளி என்று தெளிவாகவில்லை. ஆடம் ஸ்மித் கொள்கையை வாதிட்டவர். ஒரு மனிதர் கொள்கைக்கு எடுத்துக்காட்டு ஆக மாட்டார். "யார் வேண்டுமானாலும்" என்பதில் நாடுகள் வரவே இல்லை. அரை மதிப்பெண்தான் போட முடிந்தது, அதுவும் கம்பெனிக்காக.

அவனிடம் தாளைக் கொடுத்து, "தம்பி, கம்பெனியை விட்டுடாதே, அது என்ன பண்ணுச்சுன்னு மட்டும் சேர்த்து எழுது" என்றேன். அவன் திருத்தி எழுதியது: "1600இல் இங்கிலாந்து அரசி எலிசபெத் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டும் கிழக்கு நாடுகளோடு வணிகம் செய்யும் தனியுரிமையை வழங்கியது." அது முழு மதிப்பெண்ணுக்கு உரிய எடுத்துக்காட்டு. ஆகவே கம்பெனியை எழுதலாம், அரசு அதற்குக் கொடுத்த தனியுரிமையோடு சேர்த்து.

வேறு எடுத்துக்காட்டு எழுத விரும்பினால்

வணிகவாதத்துக்கு 1660ஆம் ஆண்டின் கடற்பயணச் சட்டமும் பொருத்தமானது. அமெரிக்கக் குடியேற்றங்களில் விளையும் சர்க்கரை, புகையிலை, பருத்தி, அவுரி போன்ற குறிப்பிட்ட பொருள்களை இங்கிலாந்துக்கோ வேறு ஆங்கிலக் குடியேற்றங்களுக்கோ மட்டுமே அனுப்ப வேண்டும், அதுவும் ஆங்கிலக் கப்பலில்தான் என்றது அந்தச் சட்டம். அமெரிக்கப் புரட்சிப் பாடம் படிப்பவர்களுக்கு இது எளிதாக நினைவுக்கு வரும். ஸ்பெயின் அமெரிக்காவிலிருந்து தங்கம் கொண்டுவந்ததை எழுதுவதை நான் ஊக்குவிப்பதில்லை. தங்க ஆசையை அது காட்டும். வணிகக் கட்டுப்பாட்டைக் காட்டாது.

பொருளியல் தாளில் தடையற்ற வணிகத்துக்கு இக்கால எடுத்துக்காட்டு எதிர்பார்ப்பார்கள். இந்தியாவும் இலங்கையும் 1998இல் கையெழுத்திட்டு, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தத்தை எழுதலாம். ஆனால் இரு நாடுகளும் சில பொருள்களை விலக்குப் பட்டியலில் வைத்துக்கொண்டன. எனவே "பல பொருள்கள் மீதான சுங்க வரியை நீக்க அல்லது குறைக்க ஒப்புக்கொண்டன" என்று அளவோடு எழுதுங்கள். ரிக்கார்டோவின் மது–துணிக் கணக்கு தடையற்ற வணிகம் ஏன் லாபம் என்பதற்கான விளக்கம். நடந்த நிகழ்ச்சி அல்ல என்பதால் எடுத்துக்காட்டு கேட்கும் இடத்தில் அதை வைக்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக, 19ஆம் நூற்றாண்டு இந்தியா. 1813 பட்டயச் சட்டம் இந்திய வணிகத்தில் கம்பெனியின் தனியுரிமையைப் பறித்தது. தேயிலையும் சீன வணிகமும் மட்டும் அதன் கையில் மிஞ்சின. மற்ற ஆங்கில வணிகர்களும் வரலாம் என்றானதால் இதைத் தடையற்ற வணிகத்துக்கு எடுத்துக்காட்டாகச் சிலர் எழுதுகிறார்கள். கவனமாக இருங்கள். லங்காஷயர் ஆலைத் துணி மிகக் குறைந்த வரியில் இங்கே இறங்கிய அதே காலத்தில், இந்தியத் துணி பிரிட்டனுக்குள் போக அதைவிடப் பல மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. கதவு ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. அதனால்தான் வரலாற்றாசிரியர்கள் இதை ஒருவழித் தடையற்ற வணிகம் என்கிறார்கள். 1813ஐ எழுதியே தீர வேண்டும் என்றால் "கம்பெனியின் தனியுரிமையை நீக்கி மற்ற ஆங்கில வணிகர்களுக்கும் இந்திய வணிகத்தைத் திறந்துவிட்டது" என்ற அளவில் நிறுத்துங்கள். "இந்தியாவும் பிரிட்டனும் தடையின்றி வணிகம் செய்தன" என்று எழுதினால், காலிகோ சட்டத்தில் சந்தையை இழந்த அதே நெசவாளர் இந்த முறை தன் ஊர்ச் சந்தையையும் இழந்தது அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விடும்.